கதவு நிலையைக் கரையான் தின்னும்போது

நான் பார்த்தவரை, தரைத்தள வீடுகளில் கரையான் முதலில் பிடிக்கும் மரம் குளியலறைக் கதவின் நிலைதான். கூடத்து நாற்காலியும் பூஜை அறைக் கதவும் அதற்குப் பிறகுதான். குளியலறை நிலையின் கால் தரைக்குள் இறங்கி நிற்கும். அதன் ஒரு பக்கம் தினமும் நனையும். கொத்தனார் பூசிய சிமெண்ட் காய்ந்து சுருங்கியதில், மரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விழுந்திருக்கும். மண், ஈரம், மரம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் கரையான் வேறு இடம் தேடிப் போவானேன்?

நம் வீடுகளில் அதிகம் சேதம் செய்வது மண்ணுக்குள் குடியிருக்கும் கரையான். அதன் கூடு நிலைக்குள் இல்லை. வீட்டுக்கு அடியிலோ, தோட்டத்திலோ, பக்கத்து மனையில் வெட்டிப்போட்ட மரத்தின் அடிவேரிலோ இருக்கும். அங்கிருந்து இரை தேடி வருபவை வேலைக்காரக் கரையான்கள். அவற்றுக்குக் கண் பார்வை கிடையாது. தோல் மிக மெல்லியது. வறண்ட காற்றும் வெயிலும் பட்டால் சீக்கிரமே காய்ந்து செத்துப்போகும். அதனால்தான் மண்ணோடு எச்சிலையும் கழிவையும் குழைத்துப் பென்சில் கனத்துக்கு ஒரு குழாய் கட்டிக்கொண்டு, அதற்குள்ளேயே போய்வருகின்றன. மரத்துக்குள் நுழைந்த பிறகும் இதே பயம்தான். மேல்தோலை மட்டும் தொடாமல் விட்டு உள்ளே இருப்பதைத் தின்னும். பெயிண்ட் அடித்த நிலை வெளியே பளபளவென்று நிற்க, உள்ளே வெறும் மண் நிரம்பியிருப்பது இப்படித்தான்.

தின்ற கரையான் திரும்பிப்போய், கூட்டில் இருப்பவற்றுக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டுகிறது. ராணி, குஞ்சுகள், காவல் காக்கும் பெரிய தலைக்காரர்கள் எல்லோருக்கும் சாப்பாடு வருவது இந்த வழியில். நம் ஊர்ப் புற்றுக் கரையான்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கொண்டுவந்த மரத்தூளில் காளான் பயிர் செய்கின்றன. மழைக்குப் பிறகு புற்றோரம் முளைக்கிறதே, கிராமத்தில் பறித்துக் குழம்பு வைப்போமே, அந்தக் காளான்தான். ஊட்டும் பழக்கத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து எதை வாங்குவது, எப்படி வைப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

முதலில் கண்டுபிடிப்பதைப் பார்ப்போம். பகலில் நேருக்கு நேர் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை நிலைக்காலோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் மரத்தின் மேல் படுக்கையாகப் பாயும்படி அடியுங்கள். பெயிண்டில் மெல்லிய நெளிவோ, நீளவாக்கில் ஒரு பள்ளமோ, சின்னப் புடைப்போ இருந்தால் அதன் நிழல் விழும். அந்த இடத்தை விரலால் அழுத்தினால் தோல் உள்ளே போகும். சுவரும் நிலையும் சேரும் இடுக்கில் ஈரமண் பிதுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். குண்டூசித்தலை அளவுக்கு மண் தெரிந்தாலும் போதும். அது சுண்ணாம்போ பட்டியோ அல்ல, கரையான் அடைத்த மண்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தரையிலிருந்து மேலே ஒரு சாண், ஒரு சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் ‘டக் டக்’ என்று கெட்டியாகச் சத்தம் தரும். தின்ற மரம் ‘தொப்’ என்று செத்த சத்தம் தரும். சத்தம் மாறும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். தட்டி நிறுத்தியதும் காதை மரத்தில் வைத்தால், சில சமயம் உள்ளே மெல்லிய சடசடப்பு கேட்கும். காவல்காரக் கரையான்கள் ஆபத்து என்று தலையை மரத்தில் முட்டி மற்றவற்றுக்குத் தெரிவிக்கும் சத்தம் அது. கேட்டால் உயிருள்ள கரையான் என்று உறுதி. கேட்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடாது.

ஈசலும் ஒரு சாட்சி. கோடை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் விளக்கைச் சுற்றி ஈசல் வருவது சகஜம். ஜன்னல் வழியே வெளியிலிருந்து வந்திருக்கலாம். ஜன்னல் சாத்திய அறைக்குள் நிலையின் காலடியில் உதிர்ந்த இறக்கைகள் குவிந்து கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். அந்த ஈசல் அந்த இடுக்கிலிருந்தே புறப்பட்டிருக்கிறது. இறக்கை முளைத்த எறும்பை ஈசல் என்று நினைத்துப் பயப்படுபவர்களும் உண்டு. எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், முன்னிறக்கை நீளமாகவும் பின்னிறக்கை குட்டையாகவும் இருக்கும். ஈசலுக்கு இடுப்பே கிடையாது, நான்கு இறக்கையும் ஒரே நீளம்.

மருந்து வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். மரத்தைத் தின்பது உண்மையில் மண் கரையான்தானா? கட்டிலுக்கடியில் பொடி கிடந்தால் உடனே ‘கரையான்’ என்று சொல்லிவிடுகிறோம். பொடியை ஒரு கறுப்புத் தாளில் தட்டிக் கையால் தேய்த்துப் பாருங்கள். விரலில் ஒட்டும் நைசான மாவாக இருந்து, மரத்தில் குண்டூசி முனை அளவுக்கு உருண்டையான ஓட்டைகளும் இருந்தால், அது மரத்தை உளுக்கவைக்கும் வண்டு. ரப்பர் மரம், மாமரம், மூங்கில் எல்லாம் இதற்குப் பிடித்தவை. பொடி மாவாக இல்லாமல் ரவை போலத் தனித்தனி மணியாக உருண்டால், அது காய்ந்த மரத்துக்குள்ளேயே கூடு கட்டும் வேறு வகைக் கரையானின் எச்சம். அதற்கு மண்ணும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். ஒரு நாற்காலிக் காலுக்குள்ளேயே அதன் குடும்பம் முழுதும் வாழும். மண் கரையான் பொடியே உதிர்க்காது. அது விட்டுப்போவது மண். ஆக, மண்ணா, மாவா, மணியா என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கத்தில் என் அத்தை வீடு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள ஊர், தோண்டினால் ஈரமண். அங்கே குளியலறைக் கதவு மழைக்காலம் முடிந்தும் இறுக்கமாகவே இருந்தது. அத்தை ஈரத்தில் மரம் ஊறியிருக்கிறது என்று விட்டுவிட்டாள். பிறகு இடது பக்க நிலைக்காலில் கீழ்க்கீலின் திருகு கையோடு வந்துவிட்டது. திருகின் மரையில் ஒட்டியிருந்தது மரத்தூள் அல்ல, மண். பார்க்க வந்த ஆசாரி, “அம்மா, ரெண்டு காலையும் எடுத்துட்டுப் புது நிலை வெச்சுடலாம்” என்றார். அத்தை, “கொஞ்சம் பொறுங்க ஆசாரி, முதல்ல எங்கேர்ந்து வருதுன்னு பார்க்கணும்” என்று நிறுத்திவைத்தாள். சரியான முடிவு. புது மரம் வைத்தால் பழைய வழியிலேயே வந்து அதையும் தின்னும். வழியை அடைக்காமல் மரத்தை மாற்றுவது கரையானுக்குப் புதுச் சோறு போடுவதுதான்.

தட்டிப் பார்த்ததில், இடது காலில் தரையிலிருந்து முக்கால் மீட்டர் வரை செத்த சத்தம். வலது காலில் சத்தம் மாறவில்லை. ஆனால் அதன் அடியில் சுவரோரம் மண் பிதுங்கியிருந்தது. குளியலறைக்கு வெளிப்பக்கம் ஒரு மர அலமாரி சுவரோடு ஒட்டி நின்றது. அதை நகர்த்தியதும் சுவரில் தரையிலிருந்து மேலே ஏறும் மண்கோடு தெரிந்தது. அந்தக் கோட்டை அப்படியே பெருக்கித் தள்ளத்தான் எல்லோர் கையும் பரபரக்கும். தள்ளக்கூடாது. நடுவில் ஓர் அங்குலம் மட்டும் குச்சியால் திறந்துவிட்டு, அடுத்த ஒன்றிரண்டு நாளில் பாருங்கள். ஈரமண் வைத்து அடைத்திருந்தால் பாதையில் நடமாட்டம் இருக்கிறது. அத்தை வீட்டில் மறுநாள் காலைக்குள் அடைத்துவிட்டிருந்தது. அடைக்காமல் விட்டிருந்தால் அந்தப் பாதையைக் கைவிட்டு வேறு பாதையில் போகிறது என்றும் இருக்கலாம். அதனால் அது மட்டுமே ஆதாரம் ஆகாது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தேடியதில், குளியலறைத் தரை ஓடுகளின் இணைப்பில், நிலைக்கு மிக அருகே, வெள்ளை சிமெண்ட் பெயர்ந்திருந்தது. குளிக்கும் தண்ணீர் அது வழியாக நிலைக்காலின் அடிக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. வெளிச்சுவரோரம் கட்டட வேலையில் மிஞ்சிய மணலும், உடைந்த பலகைகளும் குவிந்து கிடந்தன. முதல் நாள் வேலை இவ்வளவுதான்: பலகைகளை அப்புறப்படுத்தி, மணலைச் சுவரிலிருந்து விலக்கி, ஓட்டு இணைப்பைச் சுரண்டிப் புதிதாக அடைத்தார்கள். மருந்து பாட்டிலை இன்னும் திறக்கவில்லை. ஈரத்தை நிறுத்தாமல் வைக்கும் மருந்தைத் தண்ணீரே கரைத்துக்கொண்டு போய்விடும்.

மருந்து என்ன? கடைகளில் இரண்டு விதம் கிடைக்கிறது. ஒன்று, பட்டதும் கொல்லும் அல்லது வாசத்தால் விரட்டும் வகை. மற்றொன்று, கரையானுக்குத் தெரியாமலே அதன் உடம்பில் ஏறி, சில நாள் கழித்துக் கொல்லும் வகை. பார்க்கும்போது முதல் வகைதான் வீரியமாகத் தோன்றும். ஊற்றிய உடனே சாகின்றனவே! ஆனால் செத்தவை அன்று இரைக்கு வந்தவை மட்டும். மற்றவை மருந்து பட்ட மண்ணை ஒதுக்கிவிட்டு இன்னொரு இடுக்கு தேடும். இரண்டாவது வகையில், மருந்து ஏறிய கரையான் ஒன்றும் அறியாமல் திரும்பிப்போய், மற்றவற்றுக்கு ஊட்டி, உடம்போடு உடம்பு உரசி, அதைக் கூட்டத்துக்குள் பரப்புகிறது. இமிடாகுளோபிரிட், ஃபிப்ரோனில் இரண்டும் இந்த வகை. வீட்டு வேலைக்கு இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்சி என்ற திரவம் பரவலாகக் கிடைக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். வீரியம் கூட இருந்தால் கரையான் கூட்டுக்குப் போய்ச் சேருமுன் வழியிலேயே சாகும். பிறகு பரப்ப ஆளில்லை.

குளோர்பைரிபாஸ் பல ஆண்டுகளாக நம் ஊரில் கரையானுக்குப் பழகிய பெயர். அதன் நாற்றம் வீட்டுக்குள் நாள்கணக்கில் நிற்கும். நரம்பு மண்டலத்தைத் தாக்கக்கூடியது. படிப்படியாக ஒழிக்க வேண்டிய ரசாயனங்களின் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில், சில விதிவிலக்குகளோடு, 2025இல் அதைச் சேர்த்தார்கள். குழந்தைகள் நடமாடும் வீட்டுக்குள் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கட்டி முடித்த வீடுகளில் கரையானுக்கு மருந்து வைப்பது எப்படி என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு நெறிமுறை வைத்திருக்கிறது. ஐஎஸ் 6313, மூன்றாம் பகுதி. அதன்படி, பாதிக்கப்பட்ட நிலையில் சுமார் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைகளைக் கீழ்நோக்கிச் சாய்வாக, மரத்தின் நடுப்பகுதி வரை போகும்படி, 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போட வேண்டும். கதவு சாத்தினால் மறையும் பக்கத்தில் போட்டால் கண்ணுக்கும் தெரியாது. மரமும் சுவரும் சேரும் இடத்தில் 6 மில்லிமீட்டர் துளை, 45 பாகைச் சாய்வில். அதில் மேற்கொண்டு ஏற்காத வரை மருந்து விடலாம். ஒரு துளைக்கு அரை லிட்டர் உச்சவரம்பு. தரையும் சுவரும் சேரும் கோட்டில் 12 மில்லிமீட்டர் துளை, 30 சென்டிமீட்டருக்கு ஒன்று, துளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகாமல்.

அத்தை வீட்டில் ஐந்து லிட்டர் தண்ணீருக்குப் பத்தரை மில்லி மருந்து கலந்தார்கள். அளக்க ஊசி போடும் சிரிஞ்ச்தான் வசதி. மூடியில் ஊற்றி உத்தேசமாகக் கலப்பது கூடாது. வாளிக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்காதீர்கள். இதற்கென்று ஒரு பழைய பெயிண்ட் வாளி போதும். இடது காலில் பென்சில் கோட்டுக்கு மேலேயும் தாண்டி, ஒன்றேகால் மீட்டர் உயரம் வரை துளை போட்டார்கள். நல்ல மரம் தொடங்கும் இடத்தைத் தாண்டிப் போடுவது முக்கியம். கரையானின் முன்வரிசை அங்கேதான் வேலை செய்துகொண்டிருக்கும். டிரில் உள்ளே போகும்போதே மரத்தின் கதை தெரிந்துவிடுகிறது. நல்ல இடத்தில் வெளிறிய மரத்தூள் சுருள்சுருளாக வரும். தின்ற இடத்தில் டிரில் திடீரென்று வழுக்கி உள்ளே போய், பழுப்பு நிறத்தில் மண் உதிரும். மருந்தை மேல் துளையிலிருந்து கீழாக, சிரிஞ்சால் மெதுவாகச் செலுத்த வேண்டும். கீழே இரண்டு துளை தள்ளி மருந்து வழிந்தால், உள்ளே குகை எவ்வளவு நீளம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வழியும் துளையை ஒரு தீக்குச்சியால் அடைத்துக்கொண்டு தொடருங்கள். ஒரு மணி நேரம் விட்டு இன்னொரு முறை.

சுவரோரத் துளைக்கும் தரைத் துளைக்கும் சுத்தியல் டிரில் வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும், அல்லது எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் இன்னொரு லாபம், சுவருக்குள் ஒயரும் குழாயும் எங்கே போகின்றன என்று அவருக்குத் தெரியும். மெயினை அணைக்காமல் நிலைக்குப் பக்கத்தில் ஈரத்தோடு வேலை செய்யாதீர்கள். ஸ்விட்ச் பெட்டி எப்போதும் நிலைக்கு அருகில்தான் இருக்கிறது. சார்ஜ் ஏற்றும் பேட்டரி டிரில் என்றால் மெயினை அணைத்துவிட்டே வேலை செய்யலாம். குளியலறையின் உட்பக்கத் தரையில் துளை போட வேண்டாம். அங்கே நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இருக்கும். அதை ஓட்டையாக்கினால் ஈரத்துக்கு நாமே வழி விடுவோம். வெளிப்பக்க அறையின் தரையில் மட்டும் நான்கு துளை போட்டு மருந்து விட்டார்கள். ஊறி முடிந்ததும் தரைத் துளைகளை வெள்ளை சிமெண்டால் அடைத்தாயிற்று. மரத்துளைகளை மட்டும் அடைக்காமல் விட்டுவைத்தார்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் சுவரில் அந்த மண்கோட்டைக் கலைக்கவில்லை. இதுதான் வீட்டுக்காரர்களுக்குப் பொறுக்க முடியாத கட்டம். விருந்தாளி வந்தால் அசிங்கமாக இருக்கிறதே என்பார்கள். கலைத்தால் மருந்து ஏறிய கரையான்கள் கூட்டுக்குத் திரும்பும் வழி அறுந்துபோகும். இரண்டு மூன்று வாரம் அப்படியே விட வேண்டும். அதற்குப் பிறகு மறுபடி ஓர் அங்குலம் திறந்து பார்த்தபோது யாரும் அடைக்கவில்லை. மண் காய்ந்து, தொட்டதும் பொடிந்தது. அப்போதுதான் துடைத்தார்கள்.

பிறகு ஆசாரி மீண்டும் வந்தார். ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பார்த்ததில், நிலைக்காலின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போனது. பாதிக்கு மேல் போனாலோ, கீல் பிடிக்க எங்குமே கெட்டி மரம் இல்லாவிட்டாலோ அந்தக் காலை மாற்றத்தான் வேண்டும். இங்கே அப்படி இல்லை. கெட்டுப்போன அடிப்பகுதியைச் சாய்வாக அறுத்தெடுத்து, தேக்கில் ஒரு துண்டு ஒட்டுப்போட்டார். கீலைச் சற்று மேலே நல்ல மரத்தில் மாற்றி அடித்தார். புதுத் துண்டின் அறுத்த முனைகளுக்கு, மரத்துக்கென்றே விற்கும் எண்ணெய் கலந்த கரையான் மருந்தைப் பிரஷ்ஷால் இரண்டு பூச்சுப் பூசிக் காயவைத்த பிறகே பொருத்தினார். தண்ணீரில் கலக்கும் இமிடாகுளோபிரிட்டை மண்ணெண்ணெயில் கலந்து பூசலாமே என்று சிலர் செய்வதுண்டு. எஸ்சி வகை மண்ணெண்ணெயோடு சேராது, அடியில் தங்கிவிடும்.

தேக்கு என்றால் கரையான் தொடாது என்ற நம்பிக்கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் தொடாது என்பது உண்மை. மரத்தின் வெளிவட்டத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தோட்டத்தில் வளர்த்துச் சீக்கிரம் வெட்டும் தேக்கில் வெள்ளை அதிகம். கடையில் வார்னிஷ் அடித்துவிட்டால் வித்தியாசம் தெரியாது. நிலை வாங்கும்போது பெயிண்டோ வார்னிஷோ அடிக்காத மரத்தைப் பார்த்து, வெளிறிய ஓரம் உள்ள சட்டத்தைத் தள்ளிவிடச் சொல்லுங்கள்.

கட்டில், நாற்காலி, ஸ்டூல் போன்ற நகர்த்தக்கூடிய சாமான்களுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். மண் கரையான் தின்னும் நாற்காலியைத் தரையிலிருந்து தூக்கி, மண்ணைத் தட்டி, வெயிலில் நாலைந்து நாள் வைத்தாலே போதும். மண்ணோடும் ஈரத்தோடும் தொடர்பு அறுந்தால் உள்ளே சிக்கியவை காய்ந்து செத்துப்போகும். ஆனால் அந்த நாற்காலி நின்ற இடத்தில் ஒரு பாதை இருக்கிறதே, அதை மறக்கக்கூடாது. மருந்து வைக்க வேண்டியது அங்கேதான். சுவரோடு பதித்த பிளைவுட் அலமாரிதான் நிஜமான தொந்தரவு. முன்னால் பார்த்தால் எதுவும் தெரியாது, கரையான் பின்பலகை வழியே வரும். அடித்தட்டுச் சாமான்களை ஆண்டுக்கு இரண்டு முறை வெளியே எடுத்துப் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். நகர்த்தும் அலமாரி என்றால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே வையுங்கள். பழைய புத்தகக் கட்டு, அட்டைப்பெட்டி இரண்டையும் தரையில் வைக்கவே கூடாது; கரையானுக்குக் காகிதமும் மரமும் ஒன்றுதான்.

உளு வண்டுக்கும் காய்ந்த மரக் கரையானுக்கும் வெயில் வைத்தியம் நம்பத்தக்கதல்ல. அவற்றுக்கு ஈரம் தேவையில்லை என்பதால் உள்ளே சௌக்கியமாக இருக்கும். ஓட்டைகளில் எண்ணெய் கலந்த மர மருந்தைச் சிரிஞ்சால் செலுத்தி, மெழுகால் அடைக்க வேண்டும். வண்டு பிடித்த மரத்தில் பாலிஷைச் சுரண்டிவிட்டு, போரிக் பவுடரும் வெண்காரமும் வெந்நீரில் கரைத்துப் பூசுவது நல்ல முறை. அது வெறும் மரத்தில்தான் ஊறும். பெயிண்டின் மேல் பூசினால் துடைத்துப் போட்டதுபோல ஆகும். நனையும் இடத்தில் கரைந்து போய்விடுமாதலால் குளியலறைக்கு ஆகாது. அடைத்த ஓட்டைகளைப் பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு புது ஓட்டை வந்திருக்கிறதா, பழையதிலிருந்தே பொடி உதிர்கிறதா என்று அப்போதுதான் தெரியும். கட்டில் அசையும்போது பழைய பொடியும் உதிரும். அது மட்டும் உயிருள்ள வண்டுக்கு ஆதாரமில்லை.

மண்ணெண்ணெய் ஊற்றுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். பட்டவை சாகும், மற்றவை விலகும்; சில நாளில் ஆவியாகிப் போனதும் திரும்பி வரும். விளக்கேற்றும் பூஜை அறைக் கதவில் மண்ணெண்ணெய் ஊறியிருப்பது தீ விபத்தை வரவழைப்பது. வேப்பெண்ணெய் நல்ல மரத்தில் பூசி வைக்க உதவலாம், கரையானை அது கொஞ்சம் அண்டவிடாது. ஏற்கெனவே உள்ளே புகுந்ததை வெளியேற்ற அதனால் ஆகாது. உப்பு, மஞ்சள், பூண்டுச் சாறு எல்லாம் நேரத்தைத்தான் தின்னும். அந்த நேரத்தில் கரையான் மரத்தைத் தின்னும்.

மருந்து கையாளும்போது ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் அவசியம். சாய்ந்த துளையில் அழுத்திச் செலுத்தும் மருந்து சில சமயம் திரும்பி முகத்தில் பீச்சும். கண்ணாடி இல்லாமல் செய்யவே கூடாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று வேறு அறையில் இருக்கட்டும். மீன் தொட்டியை மூடி அப்புறப்படுத்துங்கள். கிணறு, தரைக்கடி நீர்த்தொட்டி இவற்றுக்குப் பக்கத்து மண்ணில் துளை போட்டு மருந்து விடவே கூடாது. இமிடாகுளோபிரிட் தேனீக்குக் கொடிய விஷம். மீந்ததைப் பூச்செடியடியில் ஊற்றாதீர்கள், சாக்கடையிலும் வேண்டாம். தேவைக்கு மட்டும் கலந்து அன்றே முடித்துவிடுவது நல்லது. பாட்டிலை லேபிளோடு அப்படியே பூட்டி வையுங்கள்; தண்ணீர் பாட்டிலுக்கோ குளிர்பான பாட்டிலுக்கோ மாற்றுவது உயிருக்கு உலை. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல், லேபிளோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சில வீடுகளில் இதைச் சொந்தமாகச் செய்யக்கூடாது. ஒரே நேரத்தில் மூன்று நான்கு நிலைகளில் மண் தெரிந்தால் அடித்தளம் முழுக்கச் சுற்றிப் பாதை இருக்கிறது என்று பொருள். மாடி வீட்டில், மின்சாரக் குழாய் வழியே மண் விழுந்தால் அதையும் தொடாதீர்கள். மொட்டைமாடி கசிந்து சுவருக்குள்ளேயே ஈரம் நின்றால், சில வகைக் கரையான் மண்ணுக்குத் திரும்பாமல் சுவருக்குள் கூடு கட்டிக்கொள்ளும்; தரையில் எவ்வளவு மருந்து விட்டாலும் அதை எட்டாது. அப்போது பூச்சி ஒழிப்பு நிறுவனத்தைக் கூப்பிட வேண்டியதுதான். வருபவரிடம் மருந்தின் ரசாயனப் பெயர், லிட்டருக்கு எத்தனை மில்லி, எங்கெங்கே எத்தனை துளை, துளைக்கு எவ்வளவு என்று கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ‘ஸ்ப்ரே அடிச்சுட்டுப் போறோம் சார், அஞ்சு வருஷம் கேரண்டி’ என்று மட்டும் சொல்பவர், துளையே போடாமல் சுவரை நனைத்துவிட்டுப் போகப்போகிறார் என்று அர்த்தம். உங்கள் கண் முன்னாலேயே பாட்டிலைத் திறந்து அளந்து கலக்கச் சொல்லுங்கள். ஒழுங்கானவர் அதற்குத் தயங்கமாட்டார்.